ஒன்பதை அழுத்தவும்

எனக்குக் கோபம் வரும். மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் படியேறும் சத்தம் கேட்டாலே விஷால் டீ டம்ளரை எடுத்துத் தூர வைத்துவிடுவான், பேச்சுவாக்கில் கை வீசித் தட்டிவிடுவேன் என்று பயம். அவன் புரோகிராம் எழுதுகிறவன், நான் சரிபார்க்கிறவள். மதுரையில் ஒரு கம்பெனியில் பதினோரு வருசம் இதே வேலையைப் பார்த்துவிட்டு, இப்போது ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சை விவசாயிகள் சங்கத்துக்குப் பார்க்கிறேன்.

சங்கத்தில் ஆறாயிரத்து இருநூறு உறுப்பினர்கள். மழை வருகிறது, மருந்தடிக்காதே. பனி இறங்குகிறது, கொடியைப் பார். வியாபாரி வருகிறார், காய் வெட்டு. இப்படி ஒவ்வொன்றுக்கும் அத்தனை பேருக்கும் போன் போகும். யாரும் உட்கார்ந்து கூப்பிடுவதில்லை. பதிவு செய்த குரலை எங்கள் புரோகிராம் ஒரு தொலைபேசி நிறுவனத்திடம் பட்டியலோடு ஒப்படைக்கும், அவர்கள் வரிசையாக அடிப்பார்கள். கடைசியில் குரல் சொல்லும்: மறுபடி கேட்க ஒன்றை அழுத்துங்கள், இனிமேல் போன் வேண்டாமென்றால் ஒன்பதை அழுத்துங்கள். ஒன்பதை அழுத்தியவர்களின் நம்பர் நிறுத்தப் பட்டியலில் ஏறும். அதில் ஏறிய நம்பருக்கு எந்தக் காரணத்துக்கும் போன் போகக் கூடாது. என் வேலையில் சாமி சத்தியம் மாதிரி ஒன்று உண்டென்றால் அதுதான்.

அந்தப் பட்டியலில் ஒரு நம்பரை நானே ஏற்றியிருக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி இருக்கும். மேகமலைப் பக்கம் கூட ஒரு பொட்டு மேகமில்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் ஆபீஸ் மாடியில், கீழே பழம் தரம் பிரிக்கிற கொட்டகை. இருபது பெண்கள் கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்து அழுகலைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். விஷால் எழுதிய மாற்றம் அப்போதுதான் என் பார்வைக்கு வந்திருந்தது.

மாற்றம் சின்னது. போனை எடுக்காதவர்களுக்கு இருபது நிமிசம் கழித்துத் தானாக மறுபடி போட வேண்டும். சங்கத்துச் செயலாளர் ஸ்டீவன் சார் கேட்டது. மருந்து அடித்துக்கொண்டிருப்பவன் மடியிலிருந்து போனை எடுக்க முடியாது, நியாயம்தான்.

படித்தேன். முதல் பக்கத்திலேயே எனக்கு ஏறிவிட்டது.

"ஏன்டா, இந்த மறுமுறை போடுற எடத்துல நிறுத்தப் பட்டியல எங்கன பாக்குற?"

"மொதத் தடவையிலேயே பாத்துருவோம்லக்கா. அங்கனயே கழிச்சிருதோம்."

"மொதத் தடவ கழிக்கிறது போன் அடிக்கிறதுக்கு முன்னாடியா, போன் பட்டியல் போடுறதுக்கே முன்னாடியா?"

நான் திரையைத் தொட்டுக் காட்டினேன். அவன் எழுதியிருந்தபடி, பட்டியலில் எல்லா நம்பரும் 'போகவில்லை' என்ற குறியோடுதான் ஆரம்பிக்கும். ஆள் போனை எடுத்ததும் குறி மாறும். நிறுத்தியவர்களை முதல் சுற்று தாண்டிப் போய்விடும், ஆனால் அவர்கள் குறி 'போகவில்லை' என்றே நிற்கும். இரண்டாம் சுற்று அந்தக் குறியை மட்டும் பார்த்துவிட்டு, ஐயோ பாவம் இவருக்குப் போகவில்லையே என்று எடுத்துப் போட்டுவிடும். வேண்டாம் என்று சொன்னவனுக்குத்தான் முதலில் போகும்.

"இது ஒண்ணு. அடுத்தது, போன் கம்பெனிக்காரன் பக்கமிருந்து பதில் வர முப்பது செகண்டுக்கு மேல ஆனா போகலன்னு முடிவு பண்ணி மறுபடி மொத்தத்தையும் ஒப்படைக்கிற. புதுச் சீட்டு நம்பர் வேற போட்டுக் குடுக்குற. வாங்குனவன் வாங்கிட்டுத்தான் பதில் சொல்ல லேட் பண்ணிருப்பான். ரெண்டு சீட்டும் வேற வேறன்னு நெனச்சு ஒரு ஆளுக்கு ரெண்டு தடவ அடிப்பான். பழைய சீட்டு நம்பரையே குடுத்தா, இது வந்ததுதான்னு தள்ளிருவான்ல?"

"சரிக்கா."

"குரல் எதுன்னு குடுக்கலேன்னா என்ன செய்யுது? ஒண்ணாம் நம்பர் பதிவப் போடுது. ஏன்டா, குடுக்கலேன்னா நிக்கணும்ல?"

ஒன்றாம் நம்பர் பதிவு என்று சொல்லும்போது என் விரல் அந்த வரியிலேயே நின்றது. நான் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போனேன். அங்கேதான் அதைப் பார்த்தேன்.

டிரை ரன் என்று ஒன்று உண்டு. போன் எதுவும் போகாமல், போகிற மாதிரி ஓட்டிப் பார்ப்பது. அவன் முதல் சுற்றில் மட்டும் 'டிரை ரன் என்றால் போகாதே' என்று எழுதியிருந்தான். இரண்டாம் சுற்றில் அந்த வரி இல்லை. அப்படியானால் டிரை ரன் ஓட்டினால் முதல் சுற்றில் ஒருவருக்கும் போகாது. ஆறாயிரத்து இருநூறு பேருக்கும் 'போகவில்லை' என்று குறி நிற்கும். இருபது நிமிசம் கழித்து இரண்டாம் சுற்று கண்ணைத் திறந்து, அத்தனை பேருக்கும் நிஜமாகவே போன் போடும்.

நான் மெதுவாகத் திரும்பினேன்.

"விஷால். இத ஓட்டிப் பாத்தியா?"

"டிரை ரன்தான்க்கா. குரல் கூடக் குடுக்கல."

"எப்ப?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி. ஒரு இருவது நிமிசம் இருக்கும்."

கீழே ஒரு போன் அடித்தது.

அப்படியொன்றும் விசேசமான சத்தமில்லை. மொக்கம்மாளுடைய போன், பழக்கூடை மேல் கிடக்கும். கையெல்லாம் பழச்சாறு என்பதால் அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள். கத்தரிக்கோல் சத்தங்களுக்கு நடுவே அந்தக் குரல் மாடிப்படி ஏறி வந்தது.

"வணக்கம். நான் முத்துப்பாண்டி பேசுறேன். இன்னைக்குச் சாயங்காலம் மழை இருக்கு. யாரும் மருந்தடிக்க வேணாம்."

கத்தரிக்கோல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

முத்துப்பாண்டி என் அண்ணன். சங்கத்தின் கள அலுவலராக இருந்தது. போன் திட்டம் ஆரம்பித்தபோது முதல் பதிவு அண்ணனுடையதுதான், பிறகு நாற்பது பதிவுகளும் அண்ணனே பேசியது. போன வருசம் சித்திரையில், காலை பதினோரு மணிக்குத் தன் தோட்டத்துப் பந்தலுக்குக் கீழேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தது, எழுந்திருக்கவில்லை. பதினாலு மாதமாகிறது.

இரண்டாவது போன் அடித்தது. மூன்றாவது. அப்புறம் எண்ண முடியவில்லை. ஒன்று 'வணக்கம்' சொல்லும்போது இன்னொன்று 'மழை இருக்கு' என்றது. தெருவில் டீக்கடையிலிருந்து ஒன்று கேட்டது. வாசலில் நின்ற லாரிக்குள்ளிருந்து ஒன்று. ஒரே ஆள், ஒரே குரல், பத்துப் பதினைந்து இடத்தில் நின்றுகொண்டு ஒருவரோடொருவர் சம்பந்தமில்லாமல் பேசுகிறது. ஒரு பெண் கூடச் சத்தம் போடவில்லை.

"அடப்பாவி, நிறுத்துடா."

அவன் புரோகிராமை நிறுத்தினான். போன்கள் நிற்கவில்லை. எப்படி நிற்கும், பட்டியலை மொத்தமாக ஒப்படைத்தாயிற்று. இனி அடிப்பது எங்கள் மிசின் இல்லை, அந்த நிறுவனத்து மிசின். பதில் வரத் தாமதமானதால் ஒரு பட்டியல் இல்லை, இரண்டு போயிருந்தது. நான் சொல்லி வாய் மூடவில்லை, கீழே மொக்கம்மாளின் போன் இரண்டாவது தடவை அடித்தது.

"எடுக்காதத்தா," என்றாள் யாரோ. மொக்கம்மாள் எடுத்தாள். "வணக்கம். நான் முத்துப்பாண்டி பேசுறேன்." அவள் போனைக் கூடையில் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நிறுத்துவதற்கு வழி இருக்கிறது. நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்குள் நுழைந்து நிறுத்து என்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். உள்ளே போக ஓ.டி.பி. வேண்டும், அது ஸ்டீவன் சார் போனுக்குப் போகும். சார் தேனியில் ஒரு கூட்டத்தில் இருந்தார். விஷால் அவருக்கு அடித்தான். எடுக்கவில்லை.

"போட்டுக்கிட்டே இருடா. எடுக்குற வரைக்கும் போடு. ஒரு செகண்டுக்கு எத்தன அடிக்கிறான்?"

"மூணுக்கா."

"மாரீஸ்வரி மதினி உறுப்பினர் நம்பர் என்ன?"

"அதுல முத்துப்பாண்டிண்ணே பேருதான்க்கா இருக்கு. ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது."

எங்கள் பக்கம் செத்தவர்கள் பெயரை யாரும் எதிலிருந்தும் எடுப்பதில்லை. நிலம், மோட்டார் கரண்டு, சங்கத்து உறுப்பினர் அட்டை எல்லாம் அவர்கள் பெயரிலேயே ஓடும். அண்ணன் பெயருக்கு எதிரே இருப்பது அண்ணனின் நம்பர். அந்தப் போனை இப்போது வைத்திருப்பது அண்ணன் மனைவி, மாரீஸ்வரி மதினி.

இரண்டாயிரத்து நூற்று நாற்பதை மூன்றால் வகுத்தால் எழுநூற்றுச் சொச்சம் செகண்டு. பன்னிரண்டு நிமிசத்தில் அங்கே அடிக்கும். அதில் ஐந்து நிமிசம் போய்விட்டது.

இப்போது அந்த நம்பர் கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனைத் தூக்கிப் போட்ட மூன்றாம் நாள், வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கையில் அந்தப் போன் அடித்தது. வழக்கமான மழை அறிவிப்பு. பதிவை மாற்ற வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மதினி எடுத்துக் காதில் வைத்தாக. முழுக்கக் கேட்டாக. போனை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்குப் பொழுது சாயும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு நான் அன்று இரவே அந்த நம்பரை நிறுத்தப் பட்டியலில் ஏற்றினேன். காரணம் என்ற இடத்தில் 'இறந்துவிட்டார்' என்று எழுதினேன். கேட்டது யார் என்ற இடத்தில் 'அலுவலகம்'. வேறு குரலில், புது நம்பர்களில், நாற்பது பதிவுகளும் போட்டு முடிக்க இரண்டு மாதமானது; பழையதை யாரும் அழிக்கவில்லை. அதுவரை ஊரெல்லாம் அண்ணன் பேசிக்கொண்டிருந்தது. மதினிக்கு மட்டும் போகவில்லை. நல்லதுதான் செய்தேன் என்று இருந்தேன்.

இன்னொரு தடவை அது நடக்கக் கூடாது. நான் என் போனை எடுத்து மதினிக்கு அடித்தேன். லைன் பிடித்து வைத்துக்கொண்டால் அந்தப் போன் உள்ளே வராது. பன்னிரண்டாவது நிமிசத்தைத் தாண்டும் வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"சொல்லு, அனுசுயா."

"சும்மாதான் மதினி. என்ன செய்யுறீக?"

"என்ன செய்யுறேன், தோட்டத்துல நிக்கிறேன். வேலை நேரத்துல நீ சும்மா பேசுற ஆளா?"

நியாயமான கேள்வி. நான் கொடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கவாத்து வெட்டியாயிற்றா என்று கேட்டேன். மதினி ஒன்றொன்றுக்கும் பதில் சொன்னாக, மெதுவாக, எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே பேசுகிற மாதிரி. எனக்கெதிரே விஷால் ஒற்றை விரலால் அடித்து அடித்து ஸ்டீவன் சாரைத் தேடிக்கொண்டிருந்தான். கீழே சத்தம் ஓய்ந்து, இப்போது தெற்குத் தெருப் பக்கமிருந்து கேட்டது. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது.

"இங்கன ஊடால யாரோ கூப்புடுறாக," என்றாக மதினி. "டொக்கு டொக்குன்னு சத்தம் வருது."

"கம்பெனிக்காரனா இருக்கும். விடுங்க மதினி. உங்க அக்கா மக கயலு எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா." மதினி போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாக போல. "நின்னுருச்சு."

எனக்கு மூச்சு வந்தது. இன்னும் ஒன்று இருக்கிறது, இரண்டாவது பட்டியல். நான் தண்ணீர் முறையைப் பற்றி ஆரம்பித்தேன்.

"அனுசுயா," என்றாக மதினி. "பக்கத்துத் தோட்டத்து முத்துவீரனுக்குப் போன் வந்துச்சு. அதுக்கங்கிட்டு அக்கம்மாளுக்கு வந்துச்சு. அவ தோட்டத்துல ஸ்பீக்கர்ல போட்டா. எனக்கு இங்கன நல்லாக் கேட்டுச்சு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"உங்க அண்ணன்தான பேசுனாக."

"ரெக்கார்டு மதினி. தப்பாப் போயிருச்சு. எங்க தப்பு."

"ரெக்கார்டுன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன கிறுக்கியா?" குரல் உயரவில்லை. "போன வருசமும் இப்படித்தான். ரெண்டு மாசம் எல்லாத்துக்கும் பேசுனாக. அக்கம்மாளுக்குப் பேசுனாக, டீக்கடைக்காரனுக்குப் பேசுனாக. நான் போனக் கையிலயே வச்சிருந்தேன். குளிக்கப் போனாக் கூட வாசப்படியில வச்சுட்டுப் போவேன். அந்த ஒரு தடவைக்கு அப்புறம் எனக்கு மட்டும் வரவே இல்ல."

"மதினி…"

"அன்னைக்குக் காலையில சண்டை எங்களுக்கு. ஒண்ணுமில்லாத சண்டை, உப்புப் பத்தலன்னு. சாப்புடாமத் தோட்டத்துக்குப் போயிட்டாக. அதான் கோவம் போல, அதான் எனக்கு மட்டும் பேச மாட்டேங்குறாகன்னு நெனச்சுக்கிட்டேன். மிசினுக்கு என்ன கோவம்னு புத்தி சொல்லுது. ஆனா இத்தன பேருக்கு வருது, என் நம்பர மட்டும் தேடிப் பிடிச்சா ஒதுக்கும்?"

தேடிப் பிடித்து ஒதுக்கியது நான்தான்.

மறுபடி அந்த டொக்கு டொக்கு. இப்போது எனக்கே கேட்டது. இரண்டாவது பட்டியல்.

"வந்துருச்சு," என்றாக மதினி. "போன வையித்தா."

நான் வைத்தேன். சத்தியமாக வைத்தேன், உடனே வைத்தேன். ஆனால் அந்த நொடியில்தான் விஷால், "ஓ.டி.பி. வந்துருச்சுக்கா," என்று கத்திப் பொத்தானை அழுத்தினான். தெற்குத் தெருவில் பேசிக்கொண்டிருந்த குரல்கள் முடிந்தன, புதிதாக ஒன்றும் அடிக்கவில்லை. ஊர் அமைதியானது. திரையில் 2,140-க்கு நேரே இரண்டு பட்டியலிலும் 'லைன் பிசி' என்று நின்றது. எங்கள் சங்கத்தில் முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில், காத்திருந்தும் அண்ணன் குரல் போய்ச் சேராதது அந்த ஒரு நம்பருக்குத்தான், நிறுத்தச் சொல்லியிருந்த எண்பது பேருக்குக் கூடப் போய்விட்டது.

நான் திரும்ப அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாக.

"வரல," என்றாக.

"மதினி, ஒங்க நம்பர நிறுத்துனது நான். போன வருசம். நீங்க அன்னைக்கு இருந்த இருப்பப் பாத்துட்டு நானா எழுதிட்டேன். ஒங்கள ஒரு வார்த்த கேக்கல."

அந்தப் பக்கம் மதினி பந்தலுக்குள் நடந்தாக, சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டது. திட்டியிருந்தால் தேவலை.

"கேட்டுருக்கலாம்லத்தா," என்றாக மதினி. "ஒரு வார்த்த."

"இப்பக் கேக்குறேன். போடவா?"

"போடு."

நிறுத்தப் பட்டியலிலிருந்து அந்த நம்பரை எடுத்தேன். யார் கேட்டது என்ற இடத்தில் 'உறுப்பினர் வீட்டார், போனில் கேட்டு' என்று எழுதினேன். விஷாலின் மாற்றத்தைத் தொடவில்லை, பழைய புரோகிராமைத்தான் எடுத்தேன். பட்டியலில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒன்று என்றது. விஷாலை விட்டு நம்பரை ஒவ்வொரு எண்ணாகப் படிக்கச் சொன்னேன், நான் என் போனில் ஒத்துப் பார்த்தேன். இரண்டு தடவை. எந்தப் பதிவு என்று கேட்டது. ஒன்று என்று போட்டேன். அழுத்தினேன்.

அந்தப் பதிவு முப்பத்தியோரு செகண்டு. திரையில் 'பேசிக்கொண்டிருக்கிறது' என்று பச்சையாக ஒன்று எரியும், முடிந்தால் அணையும். முப்பத்தியோரு செகண்டு ஆயிற்று. அணையவில்லை. ஒரு நிமிசம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. விஷால் என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, அங்கிட்டு யாருக்கா பேசுறது?"

"வாய மூடுடா," என்றேன். நானும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

நான்கு நிமிசத்துக்குக் கொஞ்சம் முன்னால் பச்சை அணைந்தது. அதே நேரம் ஜன்னல் தகரத்தில் சடசடவென்று விழுந்தது. நான் எழுந்து பார்த்தேன். எங்கிருந்து வந்ததோ, மேகமலை முழுக்க மறைந்திருந்தது. கீழே மொக்கம்மாள் கூடைகளை உள்ளே இழுத்துக்கொண்டே, "சொன்னாகள்ல," என்றாள், யாரையும் பார்க்காமல். தற்செயல் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

அப்புறம் மாலை முழுக்க மன்னிப்புக் கேட்கிற வேலை. அதையும் போனில் போடலாம் என்றார் ஸ்டீவன் சார். ஒன்பதை அழுத்தியவனுக்கு மன்னிப்புக் கேட்கவும் போன் போகக் கூடாது சார் என்று நான் கத்தியதில் அவர் ஊர் ஊராக நோட்டீசு ஒட்ட ஒத்துக்கொண்டார். விஷாலின் மாற்றத்தில் நான்கு இடத்தில் குறி போட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டாம் சுற்றிலும் நிறுத்தப் பட்டியலைப் பார். ஒரே சீட்டு நம்பரைக் கொடு. குரல் கொடுக்காவிட்டால் நில். டிரை ரன் என்றால் எங்கேயும் போகாதே. ஐந்தாவதாக எனக்கே ஒன்று எழுதிக்கொண்டேன்: அடுத்தவர் நம்பரை அவரைக் கேட்காமல் ஏற்றாதே.

கிளம்புமுன் மதினியின் போன் விவரத்தைத் திறந்தேன். விஷால் பயந்த மாதிரி அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை, அந்தப் பதிவுதான் திரும்பத் திரும்ப ஓடியிருந்தது. ஆள் எந்த எண்ணை எப்போது அழுத்தினார் என்று அதில் வரிசையாக இருக்கும். ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. ஏழு தடவை கேட்டிருக்காக.

ஏழாவது தடவை குரல் முடிந்த பிறகு ஒன்பதை அழுத்தியிருந்தாக. நிறுத்தப் பட்டியலில் அந்த நம்பர் மறுபடி ஏறியிருந்தது. கேட்டது யார் என்ற இடத்தில், புரோகிராம் தானாக எழுதியிருந்தது: உறுப்பினரே.